ஒரே சேதம், வேறு வேறு முதுமை: அறிதிறன் கையிருப்பு பற்றிய எளிய விளக்கம்

மொரிஷியஸ் தீவின் கிழக்கே, ஃப்ளாக் வட்டாரத்தில் கரும்புத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தமிழ்க் குடும்பத்தில் 1950-இல் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இரட்டையராகப் பிறந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரே தொடக்கப் பள்ளிக்குப் போனார்கள். ஆறு ஆண்டுகள் முடிந்ததும், மேல்நிலைப் பள்ளிக்குக் கட்டணம் கட்ட ஒரு பிள்ளைக்கு மட்டுமே வீட்டில் பணம் இருந்தது. அது அண்ணனுக்குப் போயிற்று. அவர் மொத்தம் 14 ஆண்டுகள் படித்து ஆசிரியரானார். தங்கை அரிவாளை எடுத்துக்கொண்டு அம்மாவோடு கரும்பு வெட்டப் போனார். நம் நாட்டில் மேல்நிலைக் கல்வி இலவசமானது 1977-இல்தான். அப்போது தங்கைக்கு வயது 27. கையில் இரண்டு குழந்தைகள்.

இந்த இருவரும் நான் விளக்கத்துக்காக உருவாக்கியவர்கள். ஆனால் இப்படி ஒரு அண்ணனும் தங்கையும் இல்லாத தமிழ்க் குடும்பம், அந்தத் தலைமுறையில், இந்தத் தீவில் அரிது. இவர்கள் இருவருக்கும் அல்சைமர் நோய் வருகிறது என்றும், மூளையில் சேதம் ஒரே வயதில் தொடங்கி ஒரே வேகத்தில் வளர்கிறது என்றும் எடுத்துக்கொள்வோம். அப்படியிருந்தும் நோய் வெளியே தெரியும் வயதும், தெரிந்த பிறகு அது நகரும் வேகமும் இருவருக்கும் ஒன்றாக இருக்காது. அந்த வேறுபாட்டுக்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கம்தான் அறிதிறன் கையிருப்பு என்னும் கருத்து.

முதலில் சேதம் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். அல்சைமர் நோயில் மூளைக்குள் இரண்டு வகைப் புரதங்கள் முறை தவறிச் சேர்கின்றன. அமிலாய்டு என்னும் புரதம் நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படிகிறது. டாவ் என்னும் புரதம் நரம்பணுக்களுக்கு உள்ளே முறுக்கேறி முடிச்சுகளாகிறது. இவற்றோடு சேர்ந்து நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் அறுந்து, பிறகு அணுக்களே மடிகின்றன. இது ஓரிரு ஆண்டுகளில் நடந்து முடிவதன்று. முதல் படிவுக்கும் முதல் மறதிக்கும் நடுவே 15 முதல் 20 ஆண்டுகள் வரை செல்லலாம். நம் இரட்டையருக்கு 72 வயதில் மறதி வருமானால், அவர்கள் ஐம்பதுகளின் நடுவில் இருந்தபோதே படிவு தொடங்கியிருக்கலாம். அப்போது இருவருமே நன்றாக இருந்தார்கள்.

சேதமும் அறிகுறியும் ஒன்றையொன்று நிழல்போலத் தொடர்வதில்லை என்பது பிணக்கூறு ஆய்வுகளில்தான் தெளிவாகத் தெரியவந்தது. 1988-இல் ராபர்ட் காட்ஸ்மன் என்னும் நரம்பியலாளரும் அவருடைய குழுவினரும், முதியோர் இல்லத்தில் வாழ்ந்து இறந்த 137 பேரின் மூளைகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில் ஒரு சிறு கூட்டம் தனியே நின்றது. அந்தப் பத்துப் பேரின் மூளையில் அல்சைமர் நோய்க்கு உரிய படிவுகள் ஏராளமாக இருந்தன. ஆனால் உயிரோடு இருந்தபோது அவர்கள் நினைவாற்றலில் மற்றவர்களைவிட முன்வரிசையில் இருந்தவர்கள். அவர்களுடைய மூளைகள் சற்றுக் கூடுதல் எடையோடும், பெரிய நரம்பணுக்கள் அதிகமாகவும் இருந்தன. ஆகவே முதலில் தோன்றிய விளக்கம் எளிமையானது: இருப்பு அதிகமானால் இழப்பையும் அதிகமாகத் தாங்கலாம். இதனை மூளைக் கையிருப்பு என்பார்கள். இது அளவைப் பற்றிய பேச்சு. எத்தனை அணுக்கள், எத்தனை இணைப்புகள் என்பதே கணக்கு.

அளவு மட்டும் போதவில்லை என்று சொன்னவர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யாக்கோவ் ஸ்டெர்ன். ஒரே அளவு மூளை உள்ள இருவரும் அதனை ஒரே விதமாகப் பயன்படுத்துவதில்லை என்பதே அவருடைய வாதம். இதை நம் ஊர்க் காட்சியால் விளக்கலாம். புயல் வீசி, கிராமத்துக்கும் சந்தைக்கும் நடுவே உள்ள தார்ச்சாலையில் மரம் விழுந்துவிட்டது. அந்தச் சாலை ஒன்றையே அறிந்தவர் அங்கேயே நின்றுவிடுவார். கரும்புக் காட்டுக்குள் செல்லும் வண்டித் தடங்களை எல்லாம் நடந்து பழகியவர், சற்று நேரமானாலும் சந்தைக்கு வந்து சேர்ந்துவிடுவார். வந்தவரைப் பார்க்கிற கடைக்காரருக்குச் சாலை உடைந்திருப்பதே தெரியாது. படிப்பும், சிந்தனையைக் கோரும் தொழிலும், பழகிய மொழிகளும் மூளைக்குள் இப்படிப்பட்ட மாற்றுத் தடங்களை உருவாக்குகின்றன அல்லது இருக்கும் தடத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தப் பழக்குகின்றன என்பது ஸ்டெர்னின் கருத்து. அந்தத் தடங்கள் மூளையின் எந்தெந்த வலையமைப்புகள் என்பது இன்னும் முழுதாக வரையப்படவில்லை. ஆனால் அவை இருந்தால் என்ன காண வேண்டும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியும், அப்படிச் சொன்னதைச் சோதிக்கவும் முடியும்.

முதல் சோதனை இது. நோயின் வெளித்தோற்றம் ஒரே அளவில் உள்ள இரு நோயாளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நிறையப் படித்தவர், மற்றவர் குறைவாகப் படித்தவர். கையிருப்புக் கருத்து சரியென்றால், படித்தவரின் மூளையில் சேதம் கூடுதலாக இருக்க வேண்டும். ஏனென்றால் அவர் இந்த நிலைக்கு இறங்குவதற்கு, மாற்றுத் தடங்களும் சேர்ந்து அடைபட்டாக வேண்டும். 1992-இல் ஸ்டெர்ன் குழு மூளையின் இரத்த ஓட்டத்தை அளந்தபோது இதையே கண்டது. மறதியின் தீவிரம் சமமாக இருந்தபோதும், அல்சைமர் நோய் வழக்கமாகத் தாக்கும் காதுக்கு மேலும் பின்னும் உள்ள பகுதிகளில், அதிகம் படித்தவர்களுக்கே இரத்த ஓட்டம் மிகவும் குறைந்திருந்தது. முதன்முறை கேட்பவருக்கு இது தலைகீழாகத் தோன்றும். படிப்பு கெடுதல் செய்தது போலவும் ஒலிக்கும். உண்மையில் அந்த அளவு சேதத்தோடு குறைவாகப் படித்த ஒருவர் முன்னதாகவே மருத்துவரிடம் வந்திருப்பார். படித்தவர் அதுவரை சமாளித்துக்கொண்டிருந்தார் என்பதே அதன் பொருள்.

இரண்டாவது சோதனை, படிப்பு நோயையே தடுக்கிறதா, நோயைத் தாங்க மட்டும் உதவுகிறதா என்பது. இதற்கு 2010-இல் தெளிவான விடை கிடைத்தது. ஐரோப்பாவில் முதியோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துவந்த மூன்று ஆய்வுகளிலிருந்து, இறந்த பிறகு மூளையைத் தானம் செய்த 872 பேரின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அதிகம் படித்தவர்களின் மூளைகளில் படிவுகளும் முடிச்சுகளும் இரத்தக்குழாய்ச் சேதமும் குறைவாக இருக்கவில்லை. ஆனால் அந்தச் சேதத்தோடு மறதிநோயாளியாக இறந்தவர்கள் படித்தவர்களிடையே குறைவு. இதை நான் குறிப்பாக வலியுறுத்துகிறேன். ஏனென்றால் படித்தவர்களுக்கு அல்சைமர் வராது என்ற பேச்சு நம் வீடுகளில் இன்னும் உலவுகிறது. வருகிறது, அதே அளவில்தான் வருகிறது. வெளியே தெரிவதுதான் தள்ளிப்போகிறது.

எவ்வளவு தள்ளிப்போகிறது என்று நம் இரட்டையரைக் கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் முதியோரை நீண்ட காலம் தொடர்ந்து சோதித்த ஓர் ஆய்வில், பின்னாளில் மறதிநோய்க்கு ஆளான 117 பேரின் நினைவு மதிப்பெண்களைப் பின்னோக்கிப் பார்த்தார்கள். மதிப்பெண் பல ஆண்டுகள் மெதுவாக இறங்கி, ஒரு கட்டத்தில் திடீரென வேகம் பிடிக்கிறது. அந்த வேகம் பிடிக்கும் புள்ளியை, பள்ளியில் படித்த ஒவ்வோர் ஆண்டும் சராசரியாக 0.21 ஆண்டு தள்ளிப்போட்டது. அண்ணன் 14 ஆண்டுகள், தங்கை 6 ஆண்டுகள். இடைவெளி 8 ஆண்டுகள். எட்டை 0.21-ஆல் பெருக்கினால் 1.68, அதாவது ஏறக்குறைய ஓர் ஆண்டும் எட்டு மாதங்களும். தங்கையின் நினைவு 72 வயதில் சரியத் தொடங்கினால், அண்ணனுடையது 73 வயது கடந்து எட்டு மாதமளவில் சரியத் தொடங்கும். வேறொரு நகரத்து மக்களின் சராசரி என்பதால் இந்த எண்ணை நம் ஊருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் எட்டு ஆண்டுப் படிப்பு வாங்கித் தருவது பத்து ஆண்டுகளன்று, இரண்டுக்கும் குறைவு என்னும் அளவுணர்வு நமக்கு வேண்டும்.

அதே ஆய்வின் மறுபாதியைக் குடும்பங்கள் அதிகம் அறிய வேண்டும் என்று நினைக்கிறேன். சரியத் தொடங்கிய பிறகு, அதிகம் படித்தவர்களின் நினைவு கூடுதல் வேகத்தில் இறங்கியது. காரணம் முன்னே சொன்ன தடங்களிலேயே இருக்கிறது. அண்ணனுக்கு அறிகுறி தெரியும் நாளில் தார்ச்சாலை மட்டும் அடைபட்டிருக்கவில்லை. வண்டித் தடங்களும் ஒவ்வொன்றாக அடைபட்டுக் கடைசித் தடத்துக்கு வந்திருக்கிறார். அதற்கு மேல் விழுகிற ஒவ்வொரு மரமும் அவரை நேரடியாகவே நிறுத்துகிறது. சேதத்தைக் கிடைக்கோடாகவும் நினைவை நிலைக்கோடாகவும் வரைந்தால், தங்கையின் கோடு முன்னதாகவே வளைந்து மெல்லச் சரியும்; அண்ணனுடையது நெடுந்தூரம் சமமாகச் சென்று, பிறகு செங்குத்தாக விழும்; இறுதியில் இரண்டும் ஒரே இடத்தில் கூடும். நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தார், ஓராண்டுக்குள் இப்படி ஆகிவிட்டாரே, மருந்துதான் கெடுத்துவிட்டதோ என்று ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகள் கலங்குவது பெரும்பாலும் இதனால்தான். நோய் ஓராண்டில் வந்ததன்று. மறைந்திருந்த காலம் நீண்டதால், தெரிகிற காலம் சுருங்கிவிட்டது. ஆகவே படித்தவர் ஒருவருக்கு நோய் உறுதியானால், நிலப் பத்திரம், வங்கிக் கணக்கு, தம் விருப்பங்கள் ஆகியவற்றைப் பற்றி அவருடைய வாயாலேயே கேட்டு எழுதிவைக்க வேண்டியதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடக் கூடாது.

இனி இருவரையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். உலகெங்கும் பரவலாகப் பயன்படும் ஒரு குறுஞ்சோதனை 30 மதிப்பெண்களுக்கு உரியது. இன்று என்ன தேதி, எந்த ஊரில் இருக்கிறீர்கள், நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள், ஒரு வாக்கியம் எழுதுங்கள், இந்தப் படத்தைப் பார்த்து வரையுங்கள் என்பன போன்ற கேள்விகள் அதில் இருக்கும். பேனா பிடித்தே அறுபது ஆண்டுகளான ஒருவரிடம் வாக்கியம் எழுதச் சொல்வது நினைவைச் சோதிப்பதாகாது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோரிடம் இந்தச் சோதனையை நடத்தி 1993-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது ஆண்டுகளோ அதற்கு மேலோ படித்தவர்களின் நடு மதிப்பெண் 29. ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் படித்தவர்களுக்கு 26. நான்கு ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு 22. இவர்கள் பொதுமக்களே, மருத்துவமனைக்கு வந்த நோயாளிகள் அல்லர்.

ஆகவே தங்கை 24 எடுத்தால், நோய் இல்லாமலேயே அந்த எண் வந்திருக்கக்கூடும். அண்ணன் 27 எடுத்தால், அந்த எண் அழகாகத் தெரிந்தாலும், அவரைப் போன்றவர் வழக்கமாக இருக்கும் இடத்திலிருந்து அவர் இறங்கியிருக்கக்கூடும். ஒரே வரம்பெண்ணை இருவருக்கும் வைத்தால், நலமாக உள்ள தங்கைமார்களை நோயாளிகள் என்றும், நோயுற்ற அண்ணன்மார்களை நலமானவர்கள் என்றும் எழுதி அனுப்ப நேரும். அண்ணனைப் போன்றவருக்கு இன்னும் கடினமான சோதனை தேவை. ஒரு சொற்பட்டியலைக் கற்பித்து, இருபது முப்பது நிமிடங்கள் வேறு வேலை கொடுத்து, பிறகு அந்தச் சொற்களைக் கேட்பது அத்தகையது. கையிருப்பு பேச்சையும் பொது அறிவையும் வெகுநாள் தூக்கி நிறுத்தும். புதிதாகக் கேட்டதை அரைமணி நேரம் பிடித்துவைக்கும் வேலையில்தான் ஓட்டை முதலில் தெரியும்.

தங்கையிடம் தாளை விட்டுவிட்டு அடுக்களையைப் பற்றிக் கேட்க வேண்டும். காவடித் திருவிழா முடிந்து வாழை இலையில் பரிமாறும் ஏழு கறியை நாற்பது ஆண்டுகளாக முன்னின்று சமைத்தவர் அவர். ஏழு கறிக்கும் காய் எவ்வளவு வாங்க வேண்டும், எதை முதலில் அடுப்பில் ஏற்ற வேண்டும், எத்தனை பேர் வருவார்கள், யாரிடம் பெரிய பாத்திரம் இரவல் வாங்கினோம் என்பதெல்லாம் திட்டமிடலும் நினைவும் கவனமும் கூடிய வேலை. எந்தத் தாள் சோதனைக்கும் அது இளைத்ததன்று. சென்ற ஆண்டு தனியாகச் செய்தவர் இந்த ஆண்டு நடுவில் குழம்பி, ஒரே கறிக்கு இரண்டு முறை உப்பிட்டு, மகளிடம் பொறுப்பை விட்டுவிட்டு ஒதுங்கினார் என்றால் அது பொருளுள்ள செய்தி. அளக்க வேண்டியது அவருக்கும் அண்ணனுக்கும் உள்ள வேறுபாட்டை அல்ல. அவருக்கும் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு இருந்த அவருக்கும் உள்ள வேறுபாட்டையே. உடன் வாழ்பவரிடம் இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்பதும், அதே சோதனையை ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து மீண்டும் நடத்துவதும், ஒற்றை மதிப்பெண்ணைவிடப் பலமடங்கு நம்பகமானவை. தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு, காது மந்தம் ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரும். சரிசெய்யக்கூடியவை என்பதால் இவற்றை முதலில் பார்த்துவிடுவது வழக்கம்.

ஒரு தவறான ஆறுதலையும் இங்கே குறிப்பிட வேண்டும். அம்மாவுக்கு மறதி இல்லை, தேவாரத்தை முழுவதுமாகச் சொல்கிறாரே என்பார்கள். சிறு வயதில் நூறு முறை சொல்லிச் சொல்லி ஊறிய பாட்டு, அல்சைமர் நோயின் நடுக்கட்டத்திலும் நிற்கும். காலையில் யார் வந்துபோனார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இப்போது மொழிக்கு வருகிறேன். இரண்டு மொழிகளைப் பேசுபவரின் மூளையில் ஒன்றைப் பேசும்போது மற்றதும் விழித்தேயிருக்கிறது. வாய்க்கு வர முந்தும் சொல்லை அடக்கி, எதிரில் இருப்பவருக்கு ஏற்ற சொல்லை எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. வாழ்நாள் முழுவதும் நாளுக்கு நூறு முறை செய்யும் இந்த வேலை, கவனத்தைக் கட்டுப்படுத்தும் முன்மூளை வலையமைப்புகளைப் பழக்கி, படிப்பைப் போலவே ஒரு கையிருப்பாகக்கூடும் என்பது கருதுகோள். 2007-இல் டொரான்டோவின் நினைவுச் சிகிச்சையகம் ஒன்றுக்கு வந்த 184 நோயாளிகளைப் பார்த்த எலன் பியாலிஸ்டாக் குழு, இருமொழியாளர்களுக்கு அறிகுறிகள் சுமார் நான்கு ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியதாகக் கண்டது. அவர்களில் பலர் குடியேறிகள்; குடிபெயரத் துணிந்தவர்கள் வேறு வகைகளிலும் வேறுபட்டிருக்கலாமே என்ற கேள்வி உடனே எழுந்தது.

அந்தக் கேள்விக்கு ஹைதராபாத்திலிருந்து விடை வந்தது. அங்கே குடிபெயராதவர்களும் தெலுங்கு, உருது, இந்தி என்று கலந்தே பேசுகிறார்கள். சுவர்ணா அல்லாடி குழு 2013-இல் 648 நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டது; அவர்களில் 391 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுபவர்கள். அவர்களுக்கு நோய் சராசரியாக நான்கரை ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியிருந்தது. எழுத்தறியாதவர்களை மட்டும் தனியே பார்த்தபோதும் அந்தத் தாமதம் இருந்தது என்பதுதான் அதில் மிக முக்கியமான செய்தி. பள்ளிக்கூடம் தராததை மொழி தந்திருக்கலாம் என்று அது சொல்கிறது. இரண்டுக்கு மேல் மூன்றாவது, நான்காவது மொழி பேசுவதால் கூடுதல் தாமதம் எதுவும் காணப்படவில்லை.

இத்தோடு நிறுத்திவிட்டால் கட்டுரை இனிமையாக இருக்கும், நேர்மையாக இருக்காது. மேலே சொன்ன இரண்டு ஆய்வுகளும் நோய் வந்த பிறகு சிகிச்சையகத்துக்கு வந்தவர்களைப் பார்த்தவை. எப்போது தொடங்கியது என்பதைக் குடும்பத்தாரின் நினைவிலிருந்தே கேட்டறிந்தார்கள். அதோடு, ஒரு சமூகத்தில் இருமொழியாளர்கள் பொதுவாகவே வயது கூடியவர்களாக இருந்தால், அவர்களிடையே தோன்றும் நோயாளிகளும் வயது கூடியவர்களாகத்தான் இருப்பார்கள். மொழிக்கு அதில் பங்கு இல்லாமலே இந்தத் தாமதம் போன்ற தோற்றம் உண்டாகிவிடும். நோய் வருவதற்கு முன்பே மக்களைத் தேர்ந்து ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வே இதைத் தீர்க்கும். நியூயார்க்கின் வடக்கு மன்ஹாட்டன் பகுதியில் ஸ்பானிய மொழி பேசும் 1,067 முதியோரை அப்படி 23 ஆண்டுகள் வரை தொடர்ந்தார்கள்; முடிவு 2014-இல் வந்தது. ஆங்கிலமும் பேசியவர்கள் தொடக்கத்தில் நினைவுச் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். ஆனால் அவர்கள் இறங்கிய வேகமும், மறதிநோய்க்கு ஆளாகும் வாய்ப்பும் மற்றவர்களிடமிருந்து வேறுபடவில்லை. இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களுக்கும் பெரும்பாலும் இதே முடிவுதான் கிடைத்தது.

மறுபக்கத்தில், மூளைப் படங்கள் கையிருப்பின் சாயலைக் காட்டவும் செய்கின்றன. வட இத்தாலியில் ஜெர்மனும் இத்தாலியமும் பேசும் நோயாளிகளை ஒரு மொழி மட்டும் பேசும் நோயாளிகளோடு ஒப்பிட்டு, 2017-இல் டனியேலா பெரானி குழு வெளியிட்ட ஆய்வில், இருமொழியாளர்கள் சராசரியாக ஐந்து ஆண்டுகள் மூத்தவர்கள். அவர்களுடைய மூளையில் சர்க்கரைப் பயன்பாடு கூடுதலாகக் குறைந்திருந்தது. ஆனாலும் நினைவுச் சோதனைகளில் அவர்களே முன்னால் இருந்தார்கள். படிப்புக்கு 1992-இல் கண்ட அதே தலைகீழ்த் தோற்றம்தான் இது. என் கணிப்பில், படிப்புக்குரிய சான்று உறுதியானது. மொழிக்குரியது நம்பத்தக்க ஒரு கருதுகோள், ஆனால் இன்னும் தீர்க்கப்படாதது.

மொரிஷியஸில் இந்தக் கேள்வியைத் தீர்ப்பது மேலும் கடினம். ஒப்பிடுவதற்கு ஒரு மொழி மட்டும் பேசும் கூட்டத்தை இங்கே எங்கே தேடுவது? வீட்டிலும் தெருவிலும் கிரியோல், செய்தித்தாளில் பிரெஞ்சு, பாடப்புத்தகத்தில் ஆங்கிலம், கோயிலில் தமிழ். படிக்காத நம் தங்கையைக்கூட ஒருமொழியாளர் என்று எழுத முடியாது. வயலில் உடன் வேலை செய்த பெண்களோடு அறுபது ஆண்டுகளாகப் போஜ்புரியில் பேசி, வீட்டுக்கு வந்து கிரியோலில் பேசியவர் அவர். தமிழோ அவருக்குப் பாட்டிலும் மந்திரத்திலும் உண்டு, பேச்சில் இல்லை. மனப்பாடமான மொழி, ஒன்றை அடக்கி மற்றொன்றை எடுக்கும் பயிற்சியைத் தருவதில்லை. ஆகவே கையிருப்புக் கணக்கில் அவருடைய இரண்டாவது மொழி தமிழன்று, போஜ்புரிதான். அண்ணன் நான்கு மொழிகளில் எழுதத் தெரிந்தவர் என்றாலும், ஹைதராபாத் கண்டதை ஏற்றால், மொழியைப் பொறுத்தவரை அவர் தங்கையைவிட மேலே நிற்கவில்லை. இருவரையும் பிரித்தது பள்ளிக்கூடமே.

மொழி வேறொரு வழியிலும் இங்கே குறுக்கிடுகிறது. மதிப்பெண் குறைவதற்கு நோயும் வேண்டாம், படிப்புக் குறைவும் வேண்டாம். சோதனையை அவருக்குப் பழகாத மொழியில் நடத்தினாலே போதும். பிரெஞ்சில் கேட்கும் சொற்பட்டியலைத் தங்கை மறந்தாரா, முதலிலேயே பற்றிக்கொள்ளவில்லையா என்று பிரித்தறிய முடியாது. சொற்களைக் கேட்டவுடன் திருப்பிச் சொல்ல வைப்பது இதற்காகத்தான்: உடனே சரியாகச் சொல்லி, அரைமணி நேரம் கழித்து இழந்தால் அது நினைவின் குறை, உடனேயே தடுமாறினால் மொழியையும் காதையும் சந்தேகிக்க வேண்டும்.

அவரைக் கிரியோலில் சோதித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். எழுதுவதையும் வரைவதையும் விட்டுவிட்டு, பத்துப் பொருள்களின் பெயர்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லக் கேட்டார்கள். மூன்றாவது சுற்றில் எட்டுச் சொன்னார். அரைமணி நேரம் கழித்து அவருக்கு நினைவிருந்தது இரண்டு. அடையாளம் கொடுத்து, அது ஒரு காய் அல்லவா என்று கேட்டபோதும் அந்தச் சொல் திரும்பவில்லை. மகளிடம் கேட்டபோது, இரண்டு ஆண்டுகளாகவே ஏழு கறிக்கு அம்மா அடுப்பருகே நிற்கிறார், ஆனால் எது வெந்தது, எது வேகவில்லை என்பதை மற்றவர்களே சொல்கிறார்கள் என்றார். குறுஞ்சோதனையின் 24 சொல்லாததை இந்த இரண்டும் சொல்லிவிட்டன. அதே மாதத்தில் அண்ணன் அதே பட்டியலில் ஒன்பது கற்று, அரைமணி நேரம் கழித்து நான்கு சொன்னார். குறுஞ்சோதனையில் அவருக்கு 28. அவரை ஆறு மாதம் கழித்து மீண்டும் வரச் சொன்னார்கள். அந்த ஆறு மாதத்தை ஓராண்டாக நீட்டிவிட வேண்டாம் என்று அவருடைய மனைவியிடமும் தனியே சொல்லி அனுப்பினார்கள்.